வேன் சாக்கு

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. அதனால் வீட்டிலும் சங்கடமான மெசேஜ் எது வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் என் தலையில்தான் விழும்.

அன்று அனுப்பியவள் என் தம்பிக்குப் பேசி முடித்திருந்த பெண். ஓசூரை அடுத்த தளி ஊர்க்காரி, வீட்டில் கன்னடம். நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. குடும்பக் குழுவில் நானும் இருந்தேன், ஆனால் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன்.

படத்தில் முதலில் மதுரையிலிருந்து என் பெரியம்மா: "உங்க பக்கத்து ஆளுகளுக்கு ரெண்டு வேன் அனுப்பவா?" அதற்குப் பெண்ணின் அம்மா ஆங்கில எழுத்தில், "ondu van saaku." ஒரு வேன் போதும் என்று அர்த்தம். பெரியம்மாவுக்குக் கன்னடம் காத தூரம். உடனே பாய்ந்திருந்தார்: "வேனைச் சாக்கு சொல்ல வேணாம் சம்பந்தி. வர இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லிருங்க."

அதன் அடியில் ஒரு கட்டைவிரல் வேறு. குழுவுக்குள் போய்த் தொட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையேதான்! பெரியம்மா எது போட்டாலும் படிக்காமல் விரலைக் காட்டிவிடும் உத்தமன்.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "அக்கா, அம்மா அழுவுறாங்க. இந்தச் சம்பந்தமே வேணுமான்னு அப்பா கேக்குறாரு. என்ன பதில் போடட்டும்?"

முதலில் தம்பிக்குப் போன் போட்டுத் திட்டி, விரலை எடுக்க வைத்தேன்.

அவள் எழுதி வைத்திருந்தது, "பெரியம்மா, நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க." அதை அனுப்பியிருந்தால் பெரியம்மா வேனுக்குப் பதில் படையையே அனுப்பியிருப்பார். 'நீங்க', 'தப்பு' இரண்டையும் அடித்து நீக்கினேன். புகாருக்குப் பதில் எழுதும்போது ஆள்மேல் பழி வைக்கக் கூடாது, பொருள்மேல் வைக்க வேண்டும். அம்மாவை மெசேஜை அழிக்க விடாதே, அழித்த தடம் இன்னும் சந்தேகம் தரும் என்றேன். பெரியம்மாவின் வரிக்கு அல்ல, அம்மாவின் வரிக்கே பதிலாகப் போடச் சொன்னேன். எல்லார் கண்ணும் 'saaku' மேல் விழட்டும். அவள் போட்டது இது:

"பெரியம்மா, எங்க வீட்டுல 'சாக்கு'ன்னா கன்னடத்துல 'போதும்'. இங்கிலீஷ் எழுத்து நம்ம எல்லாரையும் ஏமாத்திருச்சு! ஒரு வேன் போதும், எல்லாருமே வர்றோம். இவ்ளோ அக்கறையா கேட்டீங்களே, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்."

நீல டிக் விழுந்தது. பத்து நிமிடம் கழித்துப் பெரியம்மா எழுதினார்: "அடியாத்தி! இந்த இங்கிலீஷ வச்சுக்கிட்டு என்னத்தச் சொல்ல. சம்பந்தியம்மா மனசுல வச்சுக்காதீங்க."

நிச்சயதார்த்தப் பந்தியில் பெண்ணின் அம்மாவே பாயசம் கொண்டுவந்தார். பெரியம்மா புதிதாகக் கற்றதை விடுவாரா? இலையை மறைத்துக்கொண்டு, "சாக்கு, சாக்கு!" என்றார்.

"இது தமிழ்ச் சாக்கு சம்பந்தி, ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, அவர் கையை விலக்கி இன்னொரு கரண்டி ஊற்றினார் அந்த அம்மா.