இரண்டாவது துண்டு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த சாதாரண வேலை, செத்த முட்டைகளைப் பொறுக்கியது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உப்பல் என்ற புறநகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் மீன் அறை. அப்பா உமாசங்கர் அங்கே இருபத்துமூன்று வருடமாக டெக்னீஷியன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, உடம்பெல்லாம் நீலக்கோடு ஓடும் மீன்கள், சுவர் முழுக்க அடுக்கிய கண்ணாடிப் பெட்டிகளில். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு விளக்கு தானாக எரியும். அதுதான் மீன்களுக்கு விடியல், விடிந்ததும் முட்டையிடும்.

கீமோ முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. விரல்நுனி மரத்துப்போய் அவரால் சொட்டுக்குழாயைப் பிடிக்க முடியவில்லை. அதனால் மகள் ப்ரியம்வதா கூடப் போயிருந்தாள். உயிருள்ள முட்டை கண்ணாடிபோல இருக்கும். செத்தது பால் வெள்ளை. வெள்ளையை உறிஞ்சி வெளியே போட வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே விட்டுப்போனது என்று மட்டும் சொன்னார்.

"இடது ஓரம். ரெண்டு இருக்கு பாரு."

"அது ஒண்ணுப்பா."

"ரெண்டு. ஒட்டிண்டிருக்கு."

இரண்டுதான். அவள் உறிஞ்சினாள். மோட்டார்கள் முனகின. தண்ணீரின் வெதுவெதுப்பு கன்னத்தில் பட்டது. ஏதோ பெரிய மிருகத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குத் தூக்கம் வந்தது.

அந்த முட்டைகளின் தாயும் தகப்பனும் ஏபிசி என்ற மரபணுவில் குறை உள்ளவை. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. பார்த்தால் தெரியாது, மற்ற மீன்போலவே நீந்தும், தின்னும். வயதானபின் சிலவற்றுக்குக் குடலில் கட்டி வரும். இரண்டு கெட்ட பிரதிகளும் வாய்த்த குஞ்சுகள் நாலில் ஒரு பங்கு. அவற்றின் இதயம் வளைய வேண்டிய இடத்தில் வளையாமல், நாலாம் நாளுக்குள் முடிந்துவிடும்.

ஏன் என்பதை உமாசங்கர் எந்தப் படமும் இல்லாமல் சொல்வார். எல்லாச் செல்லும் பீட்டா கேட்டினின் என்ற புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும், யாரும் கேட்காவிட்டாலும். அதைப் பிடித்து அழிக்க ஒரு கூட்டணி உண்டு. ஆக்ஸினும் ஏபிசியும் அதைப் பிடித்து நிறுத்தும்; இரண்டு நொதிகள் அதன்மேல் பாஸ்பேட் குத்தும்; அந்தக் குத்தை அடையாளம் கண்டு செல் அதை நறுக்கிப்போடும். வெளியிலிருந்து வின்ட் என்ற சேதி வந்தால் மட்டும் கூட்டணி கையைக் கட்டிக்கொள்ளும். அப்போது பீட்டா கேட்டினின் சேர்ந்து, உட்கருவுக்குள் போய், மூடிக் கிடந்த மரபணுக்களைத் திறக்கும். கருவில் எது தலை, எது வால் என்று பிரிவதற்கே அந்தச் சேதி வேண்டும். வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்துக்கு மட்டும். "பண்றது பெரிசில்ல. அழிக்கத் தெரியணும்" என்பார்.

மீன்களில் எது குறை உள்ளது என்று கண்டுபிடிக்க ஒரே வழி வால்துண்டு. மயக்கமருந்துத் தண்ணீரில் விட்டு, வால்துடுப்பின் ஓரத்தில் கடுகளவு நறுக்கி, டிஎன்ஏ எடுக்க அனுப்புவார்கள். துடுப்பு இரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும். முடிவு வரும்வரை அந்த மீன் ஒரு நம்பர் போட்ட டப்பாவில் தனியாக நீந்தும். உமாசங்கர் கூடுதலாக ஒரு விதி வைத்திருந்தார்: முதல் துண்டை நம்பக் கூடாது. இன்னொன்று வெட்டி, இரண்டு முடிவும் ஒத்துப்போனால்தான் மீன் கூட்டத்தில் சேரும். புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் இதற்காக அவரைத் திட்டுவார்கள். பின்னால் என்றாவது தப்பு மீன் சேர்ந்து ஆறு மாத உழைப்பு பாழானால் திட்ட மாட்டார்கள்.

அவருக்கு இரத்தம் போக ஆரம்பித்தபோது மூலம் என்று நினைத்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. மூலம் இல்லாமல் இருக்குமா. எட்டு மாதம் களிம்பு தடவினார். மே மாதம் பெருங்குடலில் ஒரு பாகத்தை எடுத்தார்கள். கட்டி ஒன்று, அதைச் சுற்றி சின்னச்சின்ன முளைகள் முப்பத்தெட்டு. ஈரலிலும் இரண்டு நிழல்.

ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டு, மெழுகில் பதித்த தன் குடல்துண்டை அவர் வாங்கிவந்தார். அதே கூடத்தில் திசுக்களுக்குச் சாயமேற்றும் நூர் முகமதுவிடம் கொடுத்தார். நூர் முகமது இருபது வருட சிநேகிதர். மூன்று நாள் கழித்து ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு, "நக்கோ பாய், வேண்டாம். பார்த்து என்ன ஆகப்போகுது?" என்றார். அப்பா கையை நீட்டியபடியே இருந்தார்.

ப்ரியம்வதாவும் நுண்ணோக்கியில் பார்த்தாள். பீட்டா கேட்டினின் இருக்கும் இடமெல்லாம் பழுப்பு. நல்ல குடலில் அது செல்களின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக, தேன்கூட்டை வரைந்ததுபோல இருந்தது. ஸ்லைடைக் கட்டியின் பக்கம் நகர்த்தினால் கோடு கலைந்தது. உட்கருக்கள் ஒவ்வொன்றும் பழுப்புப் பொட்டு. கணக்கில்லாத பொட்டுகள், மழைக்குமுன் திரளும் எறும்புகள்போல.

குடலின் சுவர் முழுக்கச் சின்னக் குழிகள். குழியின் அடியில் வின்ட் சேதி வந்துகொண்டே இருக்கும். அங்கே செல்கள் பெருகும். மேலே ஏற ஏறச் சேதி தேயும், கூட்டணி வேலையைத் தொடங்கும், செல் பெருகுவதை நிறுத்தும், சில நாளில் உதிரும். ஏபிசியின் இரண்டு பிரதியும் கெட்ட செல்லுக்கு அடி, மேல் என்ற பேதமில்லை. சேதி வராத இடத்திலும் வந்ததுபோலவே நடந்துகொள்ளும். உதிராது. ஒரு முளை அப்படித்தான் தொடங்குகிறது. அதன்மேல் வேறு பழுதுகள் வருடக்கணக்கில் சேர்ந்து கட்டியாகிறது.

உமாசங்கர் வெகுநேரம் பார்த்தார். "நம்ம மீன் மாதிரியே" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு முளைகள் என்பதால், பரம்பரையாக வந்ததா என்று பார்க்க இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். ப்ரியம்வதாவுக்கு வேலையே மரபணு அறிக்கைகளைப் படிப்பதுதான், வேறொரு பரிசோதனைக்கூடத்தில். குடும்பத்தாரின் அறிக்கையை அவள் திறக்கக் கூடாது என்பது விதி. மற்றவர்களைப்போல அவளும் காகிதத்துக்குக் காத்திருந்தாள். நவம்பரில் வந்தது. அப்பாவின் உடம்பு முழுக்க, பிறந்ததிலிருந்தே, ஏபிசியின் ஒரு பிரதி கெட்டது. மெதுவாக வேலை காட்டும் வகை. அவருடைய அப்பா ஐம்பத்தாறு வயதில் "வயிற்றுவலி" வந்து இறந்ததற்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது.

அவள் தன் இரத்தத்தையும் கொடுத்தாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு இல்லை என்று வந்தது. அம்மா கல்பகம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அழுதாள். ப்ரியம்வதா மாடிக்குப் போய்க் கொடியில் காய்ந்த அப்பாவின் சட்டைகளை மடித்தாள். அவரிடமிருந்த ஒன்று தனக்கு வரவில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது, நகரின் இன்னொரு கோடியில் காஞ்சன்பாக் வீடு. அப்பாவின் அண்ணன் சாரங்கபாணி, பாதுகாப்புத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர். தம்பியை டிப்ளமோ படிக்கவைத்ததும் வேலைக்கு விண்ணப்பம் எழுதியதும் அவர்தான். அவருக்கும் பாதிக்குப் பாதி. அவருக்கு இருந்தால் அவர் மகள் ஹம்ஸினிக்கும் பாதி. ஹம்ஸினிக்கு இருபத்தொன்பது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, முளைகளை முளையாகவே எடுத்துவிடலாம். தெரிந்தால் உயிருக்கு வழி உண்டு. ஆனால் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியப்பாகிட்ட சொல்லிட்டியாப்பா?"

"ரெண்டாவது துண்டு வரட்டும்" என்றார் அவர்.

"நீ மீனில்லப்பா. முதல் ரிப்போர்ட்டே சரியாத்தான் இருக்கும். கட்டியும் அதையேதான் சொல்றது."

"ஒரு பொண்ணோட கல்யாணம். ஒத்தை ரிப்போர்ட்டை வச்சுண்டு போக மாட்டேன். ரெண்டாவது கொடுத்துட்டேன், வந்துடும். நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

அறிக்கை அவருடையது, அவர் அனுமதி இல்லாமல் அவள் சொல்லக் கூடாது. அவள் தொழிலே அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. இருந்தாலும் ஒரு தாளை நீட்டினாள். உறவினருக்குத் தெரிவிக்கச் சம்மதம் என்று அச்சிட்டிருந்தது. அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "நான் போக முடியலைன்னா" என்றார். அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. டிசம்பர் போனது. ஜனவரியில் கேட்டபோது, இன்னும் வரவில்லை என்றார். அவள் நம்பினாள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவர் இறந்தார்.

அவர் சொன்ன இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு அவள் இன்னும் காத்திருந்தபோது, மார்ச்சில் நூர் முகமது கூப்பிட்டார். அப்பாவின் லாக்கரைக் காலி செய்ய வேண்டுமாம்.

அவள் ஒன்பதுக்கு முன்பே போய்விட்டாள். மீன் அறை இருட்டாக இருந்தது. கையை நீட்டியபடி நடந்தாள். இருபக்கமும் தண்ணீர் மூச்சுவிட்டது. பிறகு விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக எரிந்தன. ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின. தீனிக்கு. மனிதர் யார் என்று அவற்றுக்குத் தெரியாது. தெரியும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள்.

லாக்கரில் துண்டு, செருப்பு, அவருடைய துணிப்பை. பைக்குள் ஊதாமூடி போட்ட, இரத்தம் பிடிக்கும் கண்ணாடிக்குழாய் ஒன்று. அவர் கையெழுத்தில் லேபிள்: "உ.ச. – 2." தேதி டிசம்பர் இரண்டு.

குழாய் காலி.

ப்ரியம்வதா அதை விளக்குக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிபோல இருந்தது. நூர் முகமது பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "ஹவ், ஆமாம்மா, நான்தான் ஊசியோட உக்காந்திருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னுட்டே இருந்தார். அவருக்கு சந்தேகமே இல்லைம்மா. சந்தேகம் வேணும்னு இருந்தது, அவ்ளோதான்."

பையின் அடியில் ஓர் உறை. "அண்ணாவுக்கு." ஒட்டவில்லை. உள்ளே முதல் அறிக்கையின் நகல், ஒரு மருத்துவரின் எண், நாலு வரி.

அவள் வேறெங்கும் போகவில்லை. நேரே காஞ்சன்பாக்குக்கு பஸ் ஏறினாள். வெயிலில் சாலை தண்ணீர்போல நெளிந்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பெரியப்பா கதவைத் திறந்தார். பையைத்தான் முதலில் பார்த்தார்.

"அவன் பை."

"ஆமா பெரியப்பா."

அவரே நாற்காலியை இழுத்துப்போட்டார். "ஜனவரியில மூணு ஞாயித்துக்கிழமை வந்தான். உடம்பு முடியாம, ஆட்டோ வச்சுண்டு. இதே நாற்காலி. பையை இப்படியேதான் மடியில வச்சிருந்தான். என்னடா சங்கர்ன்னு கேப்பேன். ஹம்ஸிய பாக்க வந்தேன்பான். அவ கொண்டுவந்த தண்ணியைக் குடிச்சுட்டுப் போயிடுவான்." நிறுத்தினார். "என்ன அதுல?"

அவள் உறையைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, நின்றபடியே படித்தார். ஒருமுறை. மறுபடி ஆரம்பத்திலிருந்து. மின்விசிறி காகிதத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"இது நிச்சயமா?"

இரண்டாவது துண்டு பைக்குள்ளேயே, காலிக் குழாயாக, இருந்தது.

"நிச்சயம், பெரியப்பா."

அவர் காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தார். உள்ளறைப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கூப்பிட்டார்.

"ஹம்ஸி, இங்க வாம்மா. சித்தப்பா ஒரு வேலைய முடிக்காம வச்சுட்டுப் போயிருக்கான்."