பதில் வணக்கம்

அக்கா பள்ளி மாணவர் தலைவரானதற்கு எங்கள் வீட்டில் அதிகம் அலட்டிக்கொண்டவள் நான்தான். அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு. ஆலங்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருவரும் படித்தோம். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் என்பதால் தமிழம்மா அவள் பெயரைச் சொன்னார், தலைமையாசிரியரும் தலையாட்டிவிட்டார். சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டையைக் கொண்டுவந்து அக்கா சாமி படத்தின் முன்னால் வைத்தாள். நான் அதை எடுத்துக் குத்திக்கொண்டு தெருவுக்கு ஓடி, முதுகில் ஒன்று வாங்கினேன்.

தலைவருக்கு வேலை அதிகமில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையேறி, ‘பள்ளி, நேராக நில்’, ‘இயல்பாக நில்’ என்று கட்டளை கொடுக்க வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி முடிந்ததும் மைக் முன்னால் வந்து கைகுவித்து, ‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், உதவித் தலைமையாசிரியர் அவர்களுக்கும், இருபால் ஆசிரியப் பெருமக்களுக்கும், அலுவலகப் பணியாளர்களுக்கும், என்னுடன் பயிலும் மாணவ மாணவியருக்கும் என் இனிய காலை வணக்கம்’ என்று சொல்ல வேண்டும். மேடையில் இருக்கும் ஆசிரியர்கள் கைகுவிப்பார்கள். மைதானம் மொத்தமும் ஒரே குரலில் ‘வணக்கம்’ என்று பதில் சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் தலைவர் கையை இறக்கி, ‘அடுத்து, திருக்குறள்’ என்று சொல்லி அதைப் படிக்கும் பிள்ளையை அழைப்பார். திருக்குறள், செய்தி, பொன்மொழி, தலைமையாசிரியர் பேச்சு, நாட்டுப்பண் என்று மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

இதை அக்கா வீட்டில் நாலைந்து நாள் ஒத்திகை பார்த்தாள். தமிழம்மா, ‘அவர்களுக்கும்’ என்று வருகிற இடத்திலெல்லாம் ஒரு மூச்சு விடச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் கடைசியில் வரும் வணக்கத்துக்குக் காற்று மிஞ்சாதாம். அக்கா அடுப்படி வாசலில் நின்று சொல்வாள். எதிரே மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று நான் பதில் சொல்வேன். மொத்தப் பள்ளிக்கூடமும் நான் ஒருத்திதான் என்பதால் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. அம்மா கடலைக்காய் ஆய்ந்துகொண்டே சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார். எல்லாம் முடிந்ததும், “இன்னொருக்கா சொல்லு ஆத்தா” என்பார்.

முதல் திங்கட்கிழமை வந்தது. அக்காவின் கட்டளைக்குப் பள்ளி நேராக நின்றது, இயல்பாகவும் நின்றது. பி.டி. சார் கையில் பிரம்போடு வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்ததால் வேறு எப்படியும் நிற்க முடியாது. பிறகு அக்கா மைக் முன்னால் வந்தாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை, மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சும் விட்டாள். ‘வணக்கம்’ என்று முடித்துக் கைகுவித்தாள். ஆசிரியர்கள் கைகுவித்தார்கள். மைதானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பதில் வந்ததும் கையை இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வராவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்கா குவித்த கையோடு அப்படியே நின்றாள். கடைசியில் தலைமையாசிரியர், “மைக்க என்னன்னு பாருங்க சார்” என்றார். யாரோ வந்து தட்டினார்கள். அது டொக் டொக்கென்று நன்றாகத்தான் சத்தம் போட்டது.

அன்றிரவு சாப்பிடும்போது அக்கா, மைக் சரியில்லை, யாருக்கும் கேட்கவில்லை என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, “மைக்குதான் ஆத்தா. ஒன் கொரல்ல என்ன கொறை?” என்றார். எனக்கு அது வினோதமாக இருந்தது. ஆறாம் வகுப்பு வரிசை சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை ஒட்டி, மேடைக்கு வெகுதூரத்தில் இருந்தது. எனக்கு எல்லாமே கேட்டது. எல்லோரும் வாய்மூடி நிற்கையில் நான் மட்டும் எப்படிச் சொல்வது என்றுதான் பேசாமல் நின்றேன்.

மறுநாள் வேறு மைக் வைத்தார்கள். அன்றும் பதில் வரவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தை உரக்கப் பாடிய வாய்கள், உறுதிமொழியில் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்று கைநீட்டிச் சொன்ன வாய்கள், அக்கா கைகுவித்ததும் மூடிக்கொண்டன. எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாயங்காலம் மற்றவர்களோடு ஒரே பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டியவர்கள் அவர்கள்.

புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா சொல்லி முடித்துக் கைகுவித்தாள். மைதானம் கிணறு மாதிரிக் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு, தொண்டை கிழிய, “வணக்கம்!” என்று கத்தினேன்.

பத்தாம் வகுப்பு வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு மைதானமே சிரித்தது. பி.டி. சாரின் பிரம்பு அன்று யார்மேலும் விழவில்லை. அக்கா மட்டும் நான் இருந்த திசையைப் பார்த்தாள். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து நான் பல்லைக் காட்டினேன். அவள் கையை இறக்கி, ‘அடுத்து, திருக்குறள்’ என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்து, “ஏன்டி கத்துன?” என்றாள்.

“கேட்டுச்சுல்லக்கா. அதான் சொன்னேன்.”

“சைக்கிள் கொட்டாயி வரைக்கும் கேக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுடி” என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேட்டதைக் கேட்டது என்று சொன்னதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு அக்கா மேடையேறவில்லை. அடுத்த வாரமே தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லா மாணவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டுமாம். அதனால் வாரம் ஒருவர் தலைவராம். தமிழம்மா வகுப்புக்கு வந்து பட்டையை வாங்கிக்கொண்டபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லையாம். புதுத் தலைவன் பாதியில் சொல்ல வேண்டியதை மறந்து, ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று முடித்தான். அதற்கு வந்த பதிலில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. நானும் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் அக்காவின் உதடும் அசைந்தது.

அது சாதி என்பதும், கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கும் எங்கள் தெருப் பெண்ணின் வணக்கத்துக்குப் பதில் சொல்லக்கூடாது என்று பெரிய வகுப்புப் பையன்கள் பஸ்ஸில் பேசி முடிவெடுத்தார்கள் என்பதும் எனக்கு ஒன்றிரண்டு வருடங்களில் தானாகவே தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

தெரியாமல் போனது வேறு. அந்த மூன்று நாளும் அப்பா வழக்கத்தைவிட நேரங்கழித்தே வேலைக்குக் கிளம்பினார். அவர் தேங்காய் உரிக்கப் போகும் தோப்பு கிழக்கே இருந்தது. சைக்கிளோ பள்ளிக்கூடம் இருந்த மேற்குப் பக்கம் போனது. நான் அதைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

போன வருடம் அந்தப் பள்ளிக்கு எதிரே பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சுற்றுச்சுவரைத் தாண்டி ரோட்டைப் பார்த்து ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதை எப்போது கட்டினார்கள் என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்றார். யாரோ ஒரு பெண்பிள்ளையின் குரல், ஒவ்வொரு மூச்சும் கேட்டது. பிறகு மைதானம் சொன்ன பதிலும் கேட்டது.

அப்பா இப்போது இல்லை. மகளின் குரலைக் கேட்க அந்த மூன்று நாளும் அவர் சைக்கிளோடு அங்கேதான் நின்றிருக்கிறார். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறார், அதற்குப் பின்னால் இருந்த மௌனத்தையும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வந்துதான் மைக்குதான் ஆத்தா என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அந்த மௌனத்தில் என் ஒற்றைக் குரலையும், அதற்குப் பின்னால் எழுந்த சிரிப்பையும் கேட்டிருப்பார். அன்றிரவு அவர் தட்டில் இருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். தனக்குப் பசியில்லை என்று நான் நம்பும்படி சொன்னார், நானும் நம்பினேன்.