இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரி

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையில் எனக்குக் கணினிப் பிரிவில் வேலை. லைனில் பதிவாகும் சோதனை விவரங்கள் இரவோடு இரவாகத் தலைமையகத் தரவுத்தளத்துக்குப் போய்விடும். போனது முழுதாகப் போனதா என்று காலை ஆறரைக்கு நான் பார்க்க வேண்டும்.

அன்று நான் உட்காரும் முன்பே தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் போன் வந்தது.

"ராத்திரி டேட்டா சரியா வந்துச்சாப்பா? இந்தம்மா விரிசல் இருக்குன்னு எழுதுனேங்குது. பொட்டி லாரி வரைக்கும் போயிடுச்சி. தலைமையக ஸ்கிரீன்ல ஓகேன்னுதான் இருக்கு."

இரவு ஷிப்டில் சோதனை பார்க்கும், கல்லாவி ஊர்க்கார அக்காவைத்தான் சொன்னார். பெட்டி லாரியில் ஏறுவதைப் பார்த்துவிட்டு அக்காவே ஓடிப்போய் இறக்க வைத்திருக்கிறார். ஆனாலும் பதிவு செய்யவில்லை என்று மெமோ தயாராகிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஒன்று வாங்கியவர். இன்னொன்று வந்தால் ஒப்பந்தம் போய்விடும்.

வரிகளின் எண்ணிக்கை இங்கே 8,412, அங்கேயும் 8,412. "சரியா வந்துடுச்சி சார்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, செக்சம் இன்னும் ஓடி முடியவில்லை.

வரிகளில் உள்ள எழுத்துகளையெல்லாம் கணக்கிட்டு ஒரே எண்ணாகத் தருவது செக்சம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஓடி முடிந்தபோது, அங்கே அது மாறியிருந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

"எண்ணிக்கை சரிதானே? அப்புறம் என்ன?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எண்ணிக்கை சரி, உள்ள இருக்கறது சரியில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஷிப்டுவாரியாகச் செக்சம் போட்டேன். இரவு ஷிப்டில் மட்டும் வித்தியாசம். மெஷின்வாரியாகப் போட்டேன். ஒரே மெஷின். அதில் வரிவரியாக ஒப்பிட்டதில் ஒற்றை வரி சிக்கியது. அளவுமானி அளவை மட்டும் பார்த்து ஓகே கொடுத்திருந்தது. கண்ணால் கண்டதை எழுதும் குறிப்புக் கட்டத்தில், நம் பக்கம்: "விரிசல் இருக்கு, அனுப்பாதீங்க". தலைமையகத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். நடுவில் அந்தக் காற்புள்ளி மட்டும் பிழைத்திருந்தது.

அந்தக் கட்டம் அங்கே ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்கும். அதுவரை எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதியதால் தெரியவில்லை. முந்தின நாள்தான் அக்கா கேட்டாரென்று, லைனில் இருந்த டேப்லெட்டில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். போய்ச் சேருமிடம் தமிழை ஏற்குமா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா அதிகாரியின் மேசை முன் நின்றிருந்தார். இரவு ஷிப்டுக்காரர்களின் பஸ் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். தாளை வாங்கித் தன் வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் எழுதுனதுதான் தம்பி. ராத்திரியெல்லாம் எழுதுனமா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி."

அதிகாரி மெமோவைக் கிழிக்கப் போனார். அதை வாங்கி, 'தவறு செய்தவர்' என்ற கட்டத்தில் இருந்த அக்காவின் பணி எண்ணை அடித்துவிட்டு என் எண்ணை எழுதினேன்.