கிட்ட இருந்து எடுத்த படம்

என் மனைவியின் முகத்தைப் பற்றி நான் ஒரு வசனம் சொன்னேன். அது பிழை என்று மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. எழுதவேண்டியது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அது எப்படி நடந்தது என்ற விவரம்.

அவள் மொன்றியல் விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். குளிரூட்டிய அறையில் கம்பளிச் சட்டையோடு நின்று தட்டுகளை அடுக்கும் வேலை. பக்கத்தில் நின்றவர்கள் ஹெயிட்டிப் பெண்கள். அவர்களோடு சண்டை பிடித்தும் சிரித்தும் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நான் பட்டதாரி. லொங்குய்யில், விமானத்திலிருந்து எடுத்த நிலப் படங்களைக் கொண்டு வரைபடம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆங்கிலத்தை வைத்தே காலத்தை ஓட்டினேன். இத்தனை வருடம் மொன்றியலில் இருந்தும் என் பிரெஞ்சு 'போன்ஜூர், மெர்சி'யைத் தாண்டவில்லை. வைத்தியரிடம் போனால் அவள்தான் எனக்காகக் கதைப்பாள். ஆனாலும் வீட்டில் படித்தவன் நான்தான் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு ஒரு ஆசை வந்தது. மருத்துவமனைகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் ஒரு நிறுவனம் தமிழ் தெரிந்தவர் ஒருவரைத் தேடியது. நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் இருந்து, பெரும்பாலும் கணினித் திரை வழியாக, ஒருவர் பேச்சை மற்றவருக்கு மாற்றிச் சொல்லும் வேலை. வாய்மொழிப் பரீட்சையில் அவள் தேறிவிட்டாள். இனி நிறுவனத்தின் இணையத்தளத்தில் அவளுக்கென்று ஒரு பக்கம் போடவேண்டும். பெயர், மொழிகள், அனுபவம், ஒரு படம். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மருத்துவமனைகள் ஆளைத் தெரிவு செய்யும். மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டாள். படத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

மகளின் பட்டமளிப்புக்கு வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு குசினியில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். கமராவைப் பார்ப்பதற்காகத் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். படம் எடுத்தாள். பிறகு ஒரு சத்தம்.

"ஐயோ, இதென்ன கோலம்! இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ. மாம்பழத்துக்குக் கண்ணும் வாயும் வைச்ச மாதிரிக் கிடக்கு."

படத்தில் மூக்கும் கன்னங்களும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றன. காதுகள் பின்னால் ஒதுங்கிப் போயிருந்தன. அவளுக்குப் பின்னாலிருந்த கதவின் நிலை வெளிப்பக்கமாக வளைந்து, பீப்பாயின் பக்கத்தைப் போலிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். லென்சின் வளைவைக் கணக்குப் போட்டு நிமிர்த்துவது நான் வாழ்நாள் முழுக்கச் செய்த தொழில். நான் ஓய்வு பெற்ற பிறகு அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"எழும்பும். இதை நான் பார்க்கிறன். இது அகலக் கோண லென்ஸ். நேர்கோட்டை வளைச்சுப்போடும். அந்தக் கதவை நிமிர்த்தினால் எல்லாம் சரியாப் போம்."

"அப்ப நிமிர்த்துங்கோவன். நான் தேத்தண்ணி போடுறன்."

படங்களைத் திருத்தும் ஒரு இலவசச் செயலியை இறக்கினேன். படத்தின் மேல் கட்டங்களை விரித்து, கதவு நிலை கட்டத்தின் கோட்டோடு ஒட்டும்வரை வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இரண்டாவது கோப்பைத் தேநீர் ஆறியது. கடைசியில் கதவு நூல் பிடித்தது போல நின்றது. அவளைக் கூப்பிட்டேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"கதவு வடிவா வந்திருக்கு. கதவைத்தான் வேலைக்கு எடுக்கப் போகினமோ? என்ரை மூஞ்சி அப்பிடியேதானே கிடக்கு."

உண்மைதான். முகம் மாறவில்லை. அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு நேரம் பாடுபட்டதை அவள் ஒரு வசனத்தில் தள்ளிவிட்டாள் என்று பட்டது.

"லென்சின்ரை பிழை முழுக்கத் திருத்தியாச்சு," என்றேன். "மிச்சம் உம்மடை முகம்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அப்ப என்னைக் கட்டேக்கை நீங்கள் கண்ணாடி போடேல்லைப் போல," என்றாள். சிரிப்பது போலத்தான் சொன்னாள். கோட்டைக் கழற்றி அலுமாரியில் மாட்டினாள்.

வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். லென்ஸ் பற்றித் தெரிந்தவன் சொன்னான். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு சொன்னான். அவளால் மறுத்துச் சொல்ல முடியாத ஒரே ஆள் சொன்னான். அன்று பின்னேரம் வாசலடிக் கண்ணாடியின் முன்னால் அவள் மூக்கை விரலால் அமர்த்திப் பார்த்ததைக் கண்டேன். அடுத்த நாள் காலை மூக்குத்தி இல்லை. கேட்டதற்கு, "அது இன்னும் பெருசாக் காட்டுது," என்றாள்.

அன்று அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் மடிக்கணினியைத் திறந்தேன். அவள் இருந்த கதிரையில் இருந்து, அவளைப் போலவே கிட்டக் குனிந்து என்னை ஒரு படம் எடுத்தேன். என் முகமும் அதே மாம்பழம். பிறகு கதிரையைக் குசினியின் மறுபக்கச் சுவரோடு போட்டு, கமரா தானாக எடுக்கும்படி வைத்துவிட்டுப் போய் இருந்தேன். திரையில் முகம் சிறிதாக விழுந்தது. அதை வெட்டிப் பெருப்பித்தேன். அது என் முகம். சவரம் செய்யும்போது நான் பார்க்கும் முகம்.

எங்கள் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். விமானத்திலிருந்து எடுக்கும்போது மலை உச்சி கமராவுக்குக் கிட்ட இருக்கிறது, அதனால் படத்தில் அடிவாரத்தைவிடப் பெரிய அளவில் விழும். அது லென்சின் குற்றமில்லை. எவ்வளவு நல்ல லென்சைப் போட்டாலும் அப்படித்தான் விழும். கமராவுக்கு ஒரு முழத்துக்குள் முகத்தைக் கொண்டுபோனால் மூக்கு உச்சி, காது அடிவாரம். எட்டப் போனால் அந்த வித்தியாசம் இல்லாமல் போய்விடும். லென்சின் வளைவோ படத்தின் ஓரத்தில்தான் அதிகம். நடுவில் அநேகமாக இல்லை. அவளுடைய முகம் நடுவில் இருந்தது. நான் திருத்தியது கதவை மட்டும். எட்டப் போய் இருந்து எடும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

என்னுடைய இரண்டு படங்களையும் அழித்தேன். அவள் வந்தாள், பிரசாதம் தந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பிழை விட்டேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கம் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். அவளுக்கு அந்த வேலை கிடைப்பதை நான் விரும்பவில்லை என்பதுதான் பெரியது. வைத்தியர்கள் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருக்க, நான் வெளியே மத்தியானச் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டிருப்பேன். அவள் தட்டு அடுக்கியபோது எனக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனது. அவள் படம் அனுப்பவில்லை. அடுத்த வாரம் நிறுவனத்துப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். என் மனைவி ஜன்னலோரம் நின்று மெதுவாகக் கதைத்தாள். எனக்கு விளங்கியது 'நோன், மெர்சி' மட்டும். வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

"என்னவாம்?"

"படம் எங்கை எண்டு கேட்டவள். எனக்குச் சரிவராது எண்டு சொல்லிப்போட்டன்."

அப்போதுதான் சொன்னேன். உச்சி, அடிவாரம், ஒரு முழம் எல்லாம் சொன்னேன். எனக்கு எப்போது தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை.

"அண்டைக்கே தெரியுமோ?"

"அடுத்த நாள்."

"வெள்ளிக்கிழமைக்கு முதல்."

"ஓம்."

"கிட்ட இருந்ததுதான் என்ரை பிழை எண்டுறியள்."

என் கண் அவள் கையிலிருந்த கத்தியில் போய் நின்றது.

"கத்தியைத் தள்ளி வைக்கிறன், பயப்பிடாதையுங்கோ," என்றாள். அவள் கண்ணில் வந்த நீர் வெங்காயத்தாலா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

படத்தைத் திரும்ப எடுப்போம் என்று கெஞ்சினேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் வந்தாள். அரிசி மூட்டை, அதன் மேல் இரண்டு அகராதிகள், அதன் மேல் மடிக்கணினி என்று அவளுடைய கண் உயரத்துக்கு ஏற்றினேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி அவளை எதிர்ச்சுவர்ப் பக்கம் இருத்தி, நான் பொத்தானை அழுத்தினேன். படத்தைத் தோள்வரை வெட்டினேன். அந்தக் கமராவில் தூரத்தில் எடுத்து வெட்டினால் தெளிவு குறையும். ஆனால் நிறுவனத்தின் பக்கத்தில் படம் பெருவிரல் நகத்தளவில்தான் வரும், அதற்கு அது தாராளம். திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முகம் அமைதியாக, கொஞ்சம் கேலியாக, ஒரு அளவோடு இருந்தது.

அவளே நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். இந்த முறை பேச்சு சுருக்கமாக முடிந்தது.

"ஆள் எடுத்திட்டினமாம். தமிழுக்கு ஒராள்தானே தேவை."

"அடுத்த முறை கேட்பினம்."

"அடுத்த முறை எனக்கு எத்தினை வயசு? படத்தை எறியாதையுங்கோ. மரண அறிவித்தலுக்குப் போடலாம். நல்ல முகவெட்டாக் கிடக்கு."

சத்தம் போட்டிருந்தால் நல்லது. அவள் சத்தம் போடவில்லை. சமைத்தாள், கதைத்தாள், லவாலிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தால் சிரித்தாள். ஒரு விஷயத்தை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பனி விழத் தொடங்கிய காலத்தில் என் முழங்காலைக் காட்ட மருத்துவமனைக்குப் போனோம். தாதி என் பெயரைக் கூப்பிட்டதும் வழக்கம்போல இருவரும் எழும்புவோம் என்று நினைத்தேன். அவள் எழும்பவில்லை.

"நீங்கள் போங்கோ. படிச்சனீங்கள்தானே."

வைத்தியருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சில்லு வைத்த தாங்கியில் பூட்டிய ஒரு திரையை இழுத்து வந்து ஏதோ அழுத்தினார். திரையில் ஒரு இளம் பெண் வந்தாள், காதில் கேட்பானும் வாயருகே ஒலிவாங்கியுமாக. மடிக்கணினிக்கு மிகவும் கிட்ட இருந்தாள். மூக்கும் நெற்றியும் முன்னுக்கு வந்து நின்றன. பின்னாலிருந்த புத்தக அலுமாரி வளைந்திருந்தது. வைத்தியர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"வணக்கம் சார். வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேக்கறாங்க."

சொன்னேன். அவள் பிரெஞ்சில் சொன்னாள். என் மனைவியைவிட மெதுவாக, சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். வைத்தியர் ஏதோ கேட்டார்.

"வீட்ல செய்ய வேண்டிய பயிற்சி நிறைய இருக்காம். கூட யாராவது வந்திருக்காங்களா சார்?"

"மனைவி வந்திருக்கிறா. வெளியிலை இருக்கிறா."

"அவங்களுக்கு பிரெஞ்ச் தெரியுமா?"

"ஓம்," என்றேன். "நல்லாக் கதைப்பா."

"அப்ப அவங்களை உள்ள கூப்பிடலாமே சார்."

கதவு அரைவாசி திறந்திருந்தது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கூப்பிட எனக்கு முகம் இருக்கவில்லை. நீங்களே சொல்லுங்கோ பிள்ளை, நான் கேட்கிறன் என்று திரையிலிருந்த பெண்ணிடம் சொன்னேன்.