புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள்

டிஸ்சார்ஜ் சீட்டில் உணவு என்ற கட்டத்துக்கு நேராக 'நீர் ஆகாரம்' என்று அச்சடித்திருந்தது. அதன் மேல் பேனாவால் ஒரு டிக். அந்த டிக்கைப் போட்ட கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதைப் படித்துவிட்டுத் தலையாட்டிய என்னையும்தான். முப்பத்து நான்கு வருடம் தாலுகா அலுவலகத்தில் இருந்தவள் நான். பட்டா மனுவில் ஒரு சர்வே எண் தப்பாக இருந்தால் மனுதாரரை வாசலிலிருந்தே திருப்பி அனுப்புவேன். என் கணவர் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு வரியை மட்டும் ஏனோ சரிபார்க்கவில்லை. அச்சடித்திருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இந்த வியாதி எனக்கு அலுவலகத்தில் பிடித்தது.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் பாதி முகத்தையும் பேச்சில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது. மூக்கில் குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலை குழாயை உருவினார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அவர் எப்படி விழுங்குகிறார் என்று யாரும் பார்க்கவில்லை. குழாய் எடுத்தாயிற்று என்ற கட்டத்திலும் டிக் போட வேண்டியிருந்தது, போட்டார்கள். அவ்வளவுதான்.

நானும் சீட்டில் இருந்தபடி செய்தேன். வடித்த கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர். எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு சுலபமாக இறங்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது தப்பு என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

முதல் மடக்கிலேயே இருமினார். பெருமுக்கல்லிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினார்.

"புரையேறுதுடா தம்பி. யாரோ நெனைக்கிறாங்க."

"யாரு நெனைக்கப் போறாங்க, கூட வேல பாத்த உப்பளத்து ஆளுங்கதான்" என்று நானும் சிரித்தேன். ஒவ்வொரு வேளையும் இருமினார். ஒவ்வொரு வேளையும் யாரோ நினைத்தார்கள். நான்கு நாளில் இருமல் குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. அக்கா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். சாப்பிட்ட பிறகு அவர் குரல் மட்டும் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்று இருந்தது. அதைக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்தது. புதுச்சேரியில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வலது நுரையீரலின் அடியில் சளி கட்டி நிமோனியா என்றார்கள். ஐசியூவில் கிடந்து தேறியதும், விழுங்குவதைச் சோதிக்கிற ஒரு பெண் வந்தாள். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்தாள். திரையில் நானும் பார்த்தேன். பச்சைக் கோடு ஒன்று தப்பான வழியில், மூச்சுக்குழாய்க்குள், அவசரமே இல்லாமல் இறங்கியது. அவர் இருமவே இல்லை.

"இருமல் நின்னுடுச்சேன்னு சந்தோஷப்பட்டோம்மா" என்றேன்.

"அது நல்லாயி நின்ன இருமல் இல்லம்மா. உள்ள போறது அவருக்கே தெரியலை. தண்ணி வேகமா ஓடும். அவருக்குத் தொண்டை மூடறதுக்கு லேட்டாவுது. கெட்டியா இருந்தா மெதுவாப் போவும், மூட டைம் கெடைக்கும்."

பிறகு கெட்டியாக்கிய தண்ணீரைக் கொடுத்தாள். அது சரியான வழியில் போனது. எப்படித் தண்ணீர் குடிப்பார் என்று கேட்டாள். அண்ணாந்து, என்றேன். உப்புத் தண்ணீரில் ஊறிய கையோடு கேனைத் தூக்கிப் பிடித்து, உதட்டில் படாமல் நேரே தொண்டையில் ஊற்றிக்கொள்வதுதான் உப்புப் பாத்தியில் வேலை செய்கிறவர்கள் வழக்கம். வீட்டில் டம்ளரிலும் அவர் அப்படித்தான் குடிப்பார். எச்சில் படாமல் குடிக்கிற ஒழுங்கு.

"இனிமே அண்ணாந்து குடிக்கவே கூடாது. நிமிந்து உக்காரணும், தாடை கீழ இருக்கணும், ஒரு சின்ன ஸ்பூன்தான். முழுங்கினதும் 'ஆ' சொல்லச் சொல்லுங்க. குரல் களகளன்னா நிறுத்திடுங்க. சாப்ட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க. வாயை ரெண்டு வேளையும் சுத்தமா வெச்சுக்குங்க, வாயில இருக்குற கிருமியும் சேந்துதான் உள்ள போவுது."

வீட்டில் மிக்ஸி ஓயாமல் ஓடியது. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தால் போதும் என்று நினைத்தேன். அதுவும் கூடாதாம், தண்ணீர் ஒரு பக்கமும் துணுக்கு ஒரு பக்கமும் ஓடும். பருப்போடு சேர்த்து அரைத்து வடிகட்டினேன். குடிநீரில் அதைக் கெட்டியாக்குகிற பவுடர் கலந்து, ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் மெதுவாக விழும்வரை கலக்கினேன். அவர் அதை வாயில் வைத்துக்கொண்டு என்னை முறைப்பார். அவரிடம் மிஞ்சியிருந்த சொற்களில் ஒன்று "தண்ணி". ஒரு நாளைக்கு இருபது முறை அதைச் சொல்வார். கொடுக்காதவள் நான். பத்தாயிரம் மனுக்களை நிராகரித்திருக்கிறேன், எதுவும் இப்படி வலித்ததில்லை.

ஒருநாள் அக்கா மறுபடியும் இளநீரோடு வந்தார். எல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தேன். நான் சமையலறையில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தேன், அதனால் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அக்கா ஒரு கையால் அவர் தாடையை மேலே தூக்கி, மறுகையால் சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவரும் பழைய பழக்கத்தில் வாயைத் திறந்து அண்ணாந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதுதான் என்னை வெறிபிடிக்க வைத்தது. சொம்பைப் பிடுங்கினேன். இளநீர் மூன்று பேர் மேலும் சிந்தியது.

அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அக்காவின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

"யாரோ நெனைக்..."

"நான்தான் நெனைக்கிறேன் அக்கா. இவரு படுத்திருந்த ஐசியூ பெட்டை நெனைக்கிறேன்."

"ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூடாதாம்மா, பெத்த புள்ள மாதிரி வளத்தவ? நீ ஆபீசர்னா வீட்லயும் ரூல்ஸா?"

"ஆமா அக்கா. இந்த ஒரு ரூல் மட்டும் எவனும் எழுதல. அதான் நான் எழுதிக்கினு இருக்கேன்."

அக்கா அழுதார். எனக்குச் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு நாள் மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் வைத்தேன். மூச்சை எண்ணினேன். அக்கா ஊருக்குப் போகாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார், நானும் போகச் சொல்லவில்லை. மூன்றாம் நாளும் காய்ச்சல் வரவில்லை. அன்று மதியம் ஸ்பூனை அக்கா கையில் கொடுத்தேன். அரை ஸ்பூன் எடுத்து அவர் வாயில் வைத்தார்.

"தாடையை எறக்குடா. முழுங்கு. ஆ சொல்லு."

முதல் மருத்துவமனைக்கு நான் எழுதிய மனுவுக்கு அதே வாரம் பதில் வந்தது. குழாய் எடுக்கும்முன் விழுங்குவதைச் சோதிக்க ஒரு கட்டம் சேருங்கள், 'நீர் ஆகாரம்' என்ற வரியை எடுங்கள் என்று கேட்டிருந்தேன். ஏற்கெனவே அச்சிட்ட படிவங்களின் இருப்பு தீர்ந்த பின் பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். இதே வாக்கியத்தை நானே எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். படிவம் தீர்வதற்குள் எத்தனை பேர் தீர்வார்கள் என்று அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவர் கடைசி ஸ்பூனை விழுங்கும்வரை கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. சாப்பிடும்போது சிரிக்கக்கூடாது, கோபப்படவும் கூடாது. "ஆ" சொல்லச் சொன்னேன். சொன்னார். களகளப்பு இல்லை, தெளிவாக இருந்தது. அதன் பிறகு படித்தேன்.

வெகுநேரம் யோசித்து, கோணிய வாயால் இரண்டு சொற்களைக் கூட்டினார்.

"மேல... அனுப்பு."

மேல்முறையீட்டை அன்றே எழுத உட்கார்ந்தேன்.