நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே நம்பர்

ஜாஸ்லின் பதினோரு வருஷம் மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர். அந்த வேலையை விட்டு, தில்லை நகரில் ஒரு கண் மருத்துவமனைக்கு மேல் மாடியில் நான்கு பேர் நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தபோது, பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்த உறவினர்கள் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்பினார்கள். கம்பெனியில் இருந்த நான்கு பேருக்கு அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று தெரியும். இரண்டும் பாதி உண்மை. மற்ற நால்வர் செய்த காரியத்தை, அதனால் அவதிப்படப் போகிறவர்களுக்குப் புரியும்படி எழுதுவதுதான் அவர் வேலை. நன்றாக எழுதினால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் சம்பளம் உயர்த்துவதில்லை.

பெரிய கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் அப்துல் மாலிக் பாய் அவர்களுடைய பழைய வாடிக்கைக்காரர். முகம் மறந்துவிடும், தோள் அகலம் மறக்காது என்று பெயர் எடுத்தவர். ஆனாலும் ஒன்பது வருஷமாக வாடிக்கைக்காரர்களின் அளவுகளைக் கடைக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது ஆன் செய்தால் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் எடுக்கிறது. அதிலுள்ள எல்லாவற்றையும் இணையத்தில் இருக்கும் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

கம்பெனி முதலாளி டோனி முந்திக்கொண்டு பாய்க்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டார்: "வெள்ளிக்கிழமை டேட்டா மைக்ரேஷன். மொபைல் நம்பர் பிரைமரி கீ. டூப்ளிகேட் மெர்ஜ் ஆகும்."

பாயிடமிருந்து உடனே கட்டைவிரல் வந்தது.

"பாத்தீங்களா, புரிஞ்சிடுச்சு," என்றார் டோனி.

"போன மாசம் எங்க சித்தப்பா இறந்துட்டார்னு சொன்னப்பவும் இதே கட்டைவிரல்தான் போட்டார்," என்றார் ஜாஸ்லின். "நான் ஒருதடவ எழுதிடறேன்."

"எழுதுங்க. ஆனா சின்னதா."

சின்னதாக எழுதவில்லை. ஜாஸ்லின் அனுப்பியது இது:

"பாய், உங்கள் கடையின் அளவுகள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதிய இடத்துக்குப் போகின்றன. வியாழன் இரவு எட்டு மணிக்குக் கடை மூடும்போது அப்படியே ஒரு நகல் எடுப்போம். வெள்ளி உங்களுக்கு விடுமுறை. அன்று அதைப் புதிய இடத்தில் ஏற்றிச் சரிபார்ப்போம். சனி காலை புதியதில் வேலை தொடங்கலாம். எட்டு மணிக்குப் பிறகு பழையதில் எதையும் பதியாதீர்கள். பதிந்தால் புதியதுக்கு வராது. யாராவது வந்தால் சீட்டில் எழுதி வைத்து, சனிக்கிழமை ஏற்றுங்கள்.

பழையதை ஒரு மாதம் அழிக்கமாட்டோம். திறந்து பார்க்கலாம், எழுத முடியாது. ஏதாவது தப்பானால் பழையதற்கே திரும்பலாம்; ஆனால் சனிக்கிழமைக்குப் பிறகு புதியதில் பதிந்தவை அதோடு திரும்பி வராது. ஆகவே குறை இருந்தால் சனி காலையிலேயே சொல்லுங்கள்.

தினசரி வேலையில் ஒரு மாற்றம்: இனி ஆளைப் போன் நம்பரை வைத்துத்தான் தேடுவீர்கள். ஒரு நம்பருக்கு ஒரே ஆள். இரண்டு பேர் ஒரே நம்பரில் இருந்தால் ஒரே ஆளாகச் சேர்ந்துவிடுவார்கள். கடைசியாகப் பதிந்தவரின் அளவு மட்டும் நிற்கும். இதில் உங்களுக்கு இடிக்கிறதா? கட்டைவிரல் வேண்டாம், எழுத்தில் சொல்லுங்கள்."

பாய் எழுதவில்லை. போன் செய்தார்.

"டீச்சர், எல்லாம் புரிஞ்சிடுச்சு. அதான் பயமா இருக்கு."

"என்ன பாய்?"

"அந்த பழைய கம்ப்யூட்டர் பத்து இலக்கத்துல போன் நம்பர் போடலன்னா விடவே விடாது. சிவப்பா ஏதாச்சும் காட்டிக்கிட்டே நிக்கும். நம்ம ஆளுங்கள்ல பாதி வீட்டுப் பொம்பளைங்க நம்பர கடையில குடுக்க மாட்டாங்க. துபாய், குவைத்னு இருக்கிறவங்களுக்கு நம்பர் மாறிக்கிட்டே இருக்கும். அதனால..."

"அதனால?"

"நம்ம கடை நம்பரப் போட்டுடுவேன்."

ஜாஸ்லின் டோனியைக் கைகாட்டி அழைத்தார்.

"எத்தன பேருக்கு பாய்?"

"அத அல்லாஹ்தான் அறிவான். நீங்க வேணா கம்ப்யூட்டர்ல பாருங்க."

அல்லாஹ்வைத் தொந்தரவு செய்யாமல் டோனி பார்த்தார். கடை நம்பரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதைவிட மோசம், போன வாரமே ஒரு சோதனை நகல் ஓட்டியிருந்தார். பழையதில் ஆறாயிரத்து முந்நூற்று எண்பது பேர். ஏறியது ஐயாயிரத்து எழுநூற்று இரண்டு. குப்பை கழிந்தது என்று அன்று அவர் மகிழ்ந்திருந்தார். காணாமற் போன அறுநூற்று எழுபத்தெட்டில் நானூற்றுப் பதினொன்று கடை நம்பரின் குடிமக்கள். மீதி, அப்பா நம்பரிலேயே பதிந்த பிள்ளைகளும் பிள்ளை நம்பரிலேயே பதிந்த அப்பாக்களும். ஐந்தாம் வகுப்பு யூனிஃபார்ம் அளவில் பல குடும்பத் தலைவர்கள் நின்றிருந்தார்கள்.

"கடை நம்பர்ல கடைசியா யாரு பதிஞ்சிருக்கா?" என்று கேட்டார் ஜாஸ்லின்.

டோனி திரையைப் பார்த்தார். "ரோசரி. வயசு எட்டு. புதுநன்மை கவுன்." சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் சிறுமிகள் போடும் வெள்ளை உடை.

இந்தச் செய்தியைப் பாயிடம் சொன்னபோது மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இம்தியாஸ் என்று ஒரு பையன், குவைத்தில் வேலை என்றார் பாய். அடுத்த மாதம் முதல் வெள்ளி காலை இறங்குகிறான். அன்று மாலை நிக்காஹ். ஷெர்வானி துணியை அவன் அம்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அளவு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது, கடை நம்பரின் கீழே. இந்தச் சனிக்கிழமை வெட்டியாக வேண்டும்.

"மாப்பிள்ளைக்கு புதுநன்மை கவுன் அளவுல ஷெர்வானி தச்சா ஜமாஅத்துல என்ன சொல்வாங்க டீச்சர்?"

"நல்ல பிள்ளைன்னு சொல்வாங்க. இந்த வெள்ளிக்கிழமை ஒண்ணும் மாத்தல பாய். நீங்க பழையதுலயே பாத்து வெட்டுங்க."

டோனிக்கு இது பிடிக்கவில்லை. தேதி கொடுத்தாயிற்று. "நாமதானே முன்னாடியே சொல்லிட்டோம், மெர்ஜ் ஆகும்னு. அவர் ஓகே போட்டாரே."

"போட்டார். நீங்க சொன்னது அவருக்குப் புரியாததால ஓகே போட்டார். நான் சொன்னது புரிஞ்சதால வேணாங்கறார். எத எடுத்துக்கலாம்?"

டோனி நல்ல மனிதர். வாதத்தில் தோற்றால் வேலையில் ஈடுகட்டுவார். பழைய ரசீதுகளில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரிசை எண் அச்சாகிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக அதை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அந்த எண்ணையே ஆளின் அடையாளமாக வைத்து, போன் நம்பரை வெறும் விவரமாக இறக்கினார். நம்பர் இல்லாவிட்டால் காலியாக விடலாம். இரண்டாவது சோதனையில் ஆறாயிரத்து முந்நூற்று எண்பது போனது, ஆறாயிரத்து முந்நூற்று எண்பது வந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது என்று ஜாஸ்லின் இருபது பேரைப் பொறுக்கி, பாயை எதிரில் உட்காரவைத்து, பழைய திரையையும் புதிய திரையையும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒப்பிட்டார். பாய் முகங்களை விசாரிக்கவே இல்லை. "ஆமா, இவருக்கு இடது தோள் எறக்கம், சரிதான்," என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளி மாற்றம் நடந்தது. சனிக்கிழமை பாய் கடையைத் திறந்து, பெயரைத் தட்டி, தான் ஏற்கெனவே வெட்டி வைத்த துணியோடு இம்தியாஸின் அளவைச் சரிபார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை.

நிக்காஹ் அன்று மதியம் ஜாஸ்லினுக்குப் போன் வந்தது.

"டீச்சர், உங்க கம்ப்யூட்டர் சொன்ன அளவு அரை இஞ்ச்கூட தப்பல."

"அப்பாடா."

"மாப்பிள்ளைதான் மூணு இஞ்ச் கூடி வந்திருக்கார். குவைத்துல ரெண்டு வருஷம் பிரியாணி."

"ஐயோ. அப்புறம்?"

"உள்ள துணி விட்டுத்தான் தைப்போம். பிரிச்சுக்கிட்டு இருக்கேன், சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள முடிஞ்சிடும் இன்ஷா அல்லாஹ். ஒரு சந்தேகம். அந்த அளவு எந்த வருஷம் எடுத்ததுன்னு திரையில தெரியுமா?"

தெரியாது. தேதி உள்ளே இருந்தது; திரையில் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. டோனி அன்றே அதைச் சேர்த்தார். ஜாஸ்லின் பாய்க்கு எழுதினார்: "இனி அளவுக்குப் பக்கத்தில், அதை எடுத்த தேதி தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், வெட்டுவதற்கு முன் ஆளுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்."

இந்த முறை பாய் எழுத்திலேயே பதில் போட்டார்:

"கேட்கிறேன் டீச்சர். ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போட்டால் என் கடைப் போன்தான் அடிக்கும்."