பட்டியல் காலியாக இருந்தால்

எழுபதுகளின் கடைசி. கோயம்புத்தூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த எங்கள் வகுப்பில் தருமபுரிக்காரர்கள் இரண்டே பேர்: நானும், கம்பைநல்லூர் நண்பனும். டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பரில் இருவருமே கோட்டை விட்டிருந்தோம். எனக்கு அது மானப் பிரச்சினை மட்டும்தான். அவனுக்கு வேலை உத்தரவே கைக்கு வந்திருந்தது. இந்தத் தடவை தேறாவிட்டால் அது செல்லாது.

படிப்பு லீவில் தினமும் அவன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். சூடோகோடு எழுதுவதுதான் பெரிய தலைவலி. கம்ப்யூட்டர் மொழியிலும் எழுதக் கூடாது, கதையாகவும் அளக்கக் கூடாது. ஒவ்வொரு செயலையும் எண் போட்டு ஒரு வரியில் சொல்ல வேண்டும். திருத்துகிறவர் வரிக்கு வரி மார்க் போடுவார். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருவன் எழுதுவான். மற்றவன் சொந்தப் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுதியதை மட்டும் செய்வான். தரையில் எண் போட்ட தீப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் அடுத்த பெட்டியின் எண்ணோடு ஒரு சீட்டு. இந்தத் தொடர்தான் பாடத்தில் வரும் 'பட்டியல்'.

நடுவில் புதுப் பெட்டியைச் சேர்க்க நான் இப்படி எழுதியிருந்தேன்: முன் பெட்டியின் சீட்டில் புதுப் பெட்டியின் எண்ணைப் போடு, பிறகு முன் பெட்டியின் சீட்டில் இருப்பதைப் புதுப் பெட்டியின் சீட்டில் போடு. அவன் அப்படியே செய்தான். புதுப் பெட்டி நான்காம் எண். அதன் சீட்டிலும் நான்கு.

"நாலு. அடுத்தது நாலு. அதுக்கடுத்தது நாலு. ஏன்டா, பொழுதுக்கும் இங்கயே சுத்தச் சொல்றியா?"

பழைய தொடர்ச்சியைப் புதுப் பெட்டிக்கு மாற்றும் முன்பே அழித்துத் தொலைத்திருக்கிறேன். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினேன். இப்படி என் விடைகள் எல்லாவற்றையும் அவன் பொறுமையாக ஓட்டிப் பார்த்தான்.

கடைசி நாள் மத்தியானம், முதல் பெட்டியை நீக்கும் விடையை எழுதி என்னிடம் நீட்டினான். மூன்று மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டுவிட்டது. கையெழுத்து அழகாக இருந்தது. தீப்பெட்டியை நான் தொடவே இல்லை.

"சரியாத்தான் இருக்குதுடா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. முதல் வரியிலேயே, பட்டியல் காலியாக இருந்தால் 'காலி' என்று சொல்லி நிறுத்து என்று எழுதினேன். முழு மார்க். அவன் இரண்டு மார்க்கில் பெயிலானான். கேட்டவர்களுக்குத் துறையில் விடைத்தாளைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவனுடையதில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. அந்த இடத்தில் சிவப்பு மையில் 'காலியாக இருந்தால்?' என்று எழுதி இரண்டைக் கழித்திருந்தார்கள்.

வராந்தாவில் கேட்டான், "நீ ஓட்டிப் பாத்தியாடா?"

"பாத்தேனே."

"அப்ப ரெண்டு பேருக்குமே தோணாம போச்சு. வுடு" என்று என் தோளைத் தட்டினான்.

வெட்கமாக இருந்தது. கையிலிருந்த என் விடைத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.